‘ஃபிராடு’ என்று எழுதும் முன்: ஒரு புகார்ப் பதிவைத் திருத்திய விதம்

“தயவுசெஞ்சு யாரும் இந்தக் கடைக்குப் போகாதீங்க!!! பக்கா ஃபிராடு பசங்க. ஃபிரிட்ஜ் ரிப்பேர்னு வந்து மூவாயிரத்துக்கு மேல புடுங்கிட்டுப் போனான். பத்தே நாள்ல மறுபடி அவுட். பத்து தடவைக்கு மேல போன் பண்ணியாச்சு, ஒருத்தனும் எடுக்கல. வேணும்னே லீக்கை அடைக்காம விட்டுட்டு மறுபடி காசு பறிக்கிறதுதான் இவங்க தொழிலே. ஒரு மாசமா பால்கூட வைக்க முடியல. வந்தவன் மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுது. அவன் நம்பர் இதுதான், எல்லாரும் கூப்பிட்டுக் கேளுங்க. இவங்களைச் சும்மா விடக் கூடாது. ஷேர் பண்ணுங்க!!!”

ஜூன் 21 அன்று இரவு என் அண்ணி எழுதியது இது. பொதுவில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்பியிருந்தார். அவர் அனுமதியோடு, கடையின் பெயரையும் அந்தத் தொலைபேசி எண்ணையும் எடுத்துவிட்டு இங்கே தருகிறேன். ஒரு வார இதழில் வாசகர் புகார்ப் பகுதியைக் கவனித்துக்கொண்டிருந்தவன் நான். இந்த மாதிரிக் கடிதங்களை நிறையப் படித்திருக்கிறேன். கோபத்தில் எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை நியாயமான புகார்கள்தான். அண்ணியின் புகாரும் அப்படித்தான். ஆனால் அந்தப் பதிவைப் படிக்கும் ஒரு வெளியாளுக்கு என்ன நடந்தது என்று ஒன்றும் தெரியாது. எந்தத் தேதி, எவ்வளவு பணம், என்ன வேலை, என்ன பதில் என்று எதுவும் அதில் இல்லை. இருப்பதெல்லாம் அந்தக் கடைக்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்ற தீர்ப்பு மட்டுமே.

அதனால் நாங்கள் செய்தது ஒரே வேலை. ஒவ்வொரு கோபச் சொல்லையும் எடுத்து, “எதைப் பார்த்து இந்த வார்த்தை வந்துச்சு அண்ணி?” என்று கேட்டேன். சொல்லுக்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சி இருந்தால் அந்த நிகழ்ச்சியை எழுதினோம். ஒன்றும் இல்லையென்றால் சொல்லை எடுத்துவிட்டோம்.

முதலில் ‘புடுங்கிட்டுப் போனான்’. இதற்குப் பின்னால் உறுதியான நிகழ்ச்சி ஒன்று இருந்தது. ஜூன் 3 அன்று ஃபிரிட்ஜ் குளிர்வது நின்றது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தார்கள், புகார் எண் குறுஞ்செய்தியாக வந்தது. ஜூன் 5 அன்று டெக்னீஷியன் வந்து பார்த்து, காஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பினார். விசிட் சார்ஜ் 350 ரூபாய், காஸுக்கு 2,800 ரூபாய், ஆக 3,150. அண்ணி ஜிபேயில் அனுப்பினார். அனுப்பிய பதிவைத் திறந்து பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது: பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு இல்லை, ஒரு தனி நபரின் எண்ணுக்கு. பில்லும் வரவில்லை. கேட்டதற்கு, “ஆபீஸ்ல இருந்து வரும் மேடம்” என்று சொல்லியிருக்கிறார்.

‘புடுங்கினான்’ என்பதைவிட இது எவ்வளவு கனமான செய்தி! ‘புடுங்கினான்’ என்று படிப்பவர், பாவம், ஏதோ ஆத்திரத்தில் எழுதியிருக்கிறார் என்று நகர்ந்துவிடுவார். ‘3,150 ரூபாயை டெக்னீஷியன் கொடுத்த எண்ணுக்கு அனுப்பினேன், இன்றுவரை பில் வரவில்லை’ என்று படிப்பவர் நின்று யோசிப்பார். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக்கு பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அதே சமயம் இதிலிருந்து நிறுவனமே திருடுகிறது என்று முடிவுகட்டவும் முடியாது. அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போனதா, டெக்னீஷியனோடு நின்றதா என்பது அண்ணிக்குத் தெரியாது. எனவே ‘நிறுவனம் வாங்கியது’ என்று எழுதாமல், ‘நிறுவனம் அனுப்பிய டெக்னீஷியன் கொடுத்த எண்ணுக்குச் செலுத்தினேன்’ என்று எழுதினோம். தெரிந்த இடத்தோடு வாக்கியம் நின்றுவிட வேண்டும்.

அடுத்தது எண்கள். ‘பத்து தடவைக்கு மேல போன் பண்ணியாச்சு, ஒருத்தனும் எடுக்கல’ என்பதை அண்ணி முழு மனதோடு நம்பித்தான் எழுதினார். அழைப்புப் பட்டியலைப் பார்த்தால் ஜூன் 16 முதல் 20 வரை ஏழு அழைப்புகள், அவற்றில் மூன்றை எடுத்துப் பேசியிருக்கிறார்கள். ‘ஒரு மாசமா’ என்பதும் அப்படித்தான். ஜூன் 3 முதல் 5 வரை, பிறகு 16 முதல் 21 வரை, இரண்டையும் சேர்த்தால் ஒரு வாரம். நடுவே பதினொரு நாள் ஃபிரிட்ஜ் ஓடியிருக்கிறது.

இந்தத் திருத்தம் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. “ஏழுன்னா என்ன, பத்துன்னா என்ன, அலைக்கழிச்சது உண்மைதானே?” என்றார். உண்மைதான். ஆனால் நிறுவனத்தின் பதில் எந்த இடத்திலிருந்து தொடங்கும் என்று யோசிக்க வேண்டும். ‘ஒருத்தனும் எடுக்கல’ என்று எழுதினால், மூன்று அழைப்புகளின் பதிவை எடுத்துப் போட்டு, ‘வாடிக்கையாளர் சொல்வது தவறு’ என்பார்கள். அத்தோடு பில்லும் காஸும் மறந்துபோய், பேச்செல்லாம் போன் அழைப்புகளைப் பற்றியதாகிவிடும். புகார்ப் பகுதியில் இருந்தபோது இதை அடிக்கடி பார்த்தேன். ஒரே ஒரு பிழையான எண் மொத்தப் புகாரையும் சாய்த்துவிடும்.

‘வேணும்னே’ என்ற சொல்லில்தான் அதிக நேரம் நின்றோம். அதை விளக்க ஃபிரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜில் உள்ள காஸ் எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் கம்ப்ரஸர் தள்ளத் தள்ள அது சுற்றிக்கொண்டே இருக்கும். அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். ஆகவே காஸ் நிரப்புவதற்கு முன் குழாயில் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று தேடுவார்கள். கசிவைப் பற்றவைத்து அடைத்து, ஃபில்டரை மாற்றி, குழாய்க்குள் இருக்கும் காற்றை வேக்கும் பம்ப் வைத்து வெளியேற்றிய பிறகே காஸ் ஏற்றுவது முறை. இவை எதையும் செய்யாமல் காஸை மட்டும் ஏற்றினால் ஃபிரிட்ஜ் அன்றைக்குக் குளிரும், சில நாட்களில் மறுபடி நின்றுபோகும்.

அண்ணி வீட்டில் நடந்தது அதுபோலவே தோன்றுகிறது. ஜூன் 21 அன்று அதே சர்வீஸ் சென்டரிலிருந்து வேறொரு டெக்னீஷியன் வந்து, பின்பக்கக் குழாயில் கசிவு இருக்கிறது, அடைத்து மறுபடி காஸ் நிரப்ப 3,800 ரூபாய் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் இதிலிருந்து ‘வேண்டுமென்றே’ என்ற முடிவுக்குப் போக முடியாது. முதலில் வந்தவர் கசிவைத் தேடியும் கண்டுபிடிக்காமல் போயிருக்கலாம். ஊசிமுனை அளவு ஓட்டைகள் சீக்கிரம் அகப்படாது. வேறொரு இடத்தில் புதிதாகக் கசிவு வந்திருக்கலாம். அவசரத்தில் அரைகுறையாகச் செய்திருக்கலாம். ஏமாற்றும் எண்ணமும் இருந்திருக்கலாம். நான்கில் எது என்பதை அண்ணியால் சொல்ல முடியாது, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நுகர்வோர் சட்டத்தில் ‘சேவைக் குறைபாடு’ என்று ஒன்று உண்டு. செய்ய ஒப்புக்கொண்ட வேலை தரத்திலோ முறையிலோ குறைந்திருந்தாலே அது குறைபாடு. எதிராளியின் மனதுக்குள் என்ன இருந்தது என்று நிரூபிக்கும் சுமை வாடிக்கையாளர் தலையில் இல்லை. அந்தச் சுமையை அவராகத் தூக்கிக்கொள்வது ‘வேணும்னே’, ‘ஃபிராடு’ என்று எழுதும்போதுதான்.

அதற்குப் பதிலாக அண்ணி ஒரு கேள்வியை வைத்தார்: ‘ஜூன் 5 அன்று காஸ் நிரப்பும் முன் கசிவுச் சோதனை செய்யப்பட்டதா?’ இதற்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் நிறுவனம் விளக்கம் சொல்லியாக வேண்டும். கேள்விக்குறி போட்டுவிட்டால் எதையும் கேட்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘இவர்கள் திருடர்களா?’ என்பது குற்றச்சாட்டுதான். பதில் சொல்லக்கூடிய ஒரு செயலைப் பற்றியதாகக் கேள்வி இருக்க வேண்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக வைத்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூகச் சேவை தண்டனையாக விதிக்கப்படலாம். தனி மனிதர் மட்டுமல்ல, நிறுவனமும் இந்தப் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். விலக்குகளும் உண்டு. சொன்னது உண்மையாகவும் பொது நன்மைக்காகவும் இருந்தால் அது அவதூறு ஆகாது. தன் நலனையோ மற்றவர் நலனையோ காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்கும் விலக்கு இருக்கிறது. நல்லெண்ணம் என்று சட்டம் சொல்வது வெறும் நல்ல மனதை இல்லை. உரிய கவனத்தோடு சரிபார்த்துச் செய்ததை. தேதியையும் தொகையையும் சரிபார்த்து, மறுதரப்பிடம் கேட்டு எழுதியவருக்கு அந்த விலக்கைக் கோரும் தகுதி கூடுகிறது. ஒரு மோசமான சேவையைப் பற்றி எழுதவே அஞ்ச வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ‘பில் தரவில்லை’ என்று எழுதுபவர் நிற்கும் தரை உறுதியானது, ‘திருடன்’ என்று எழுதுபவருடையது அப்படியல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

டெக்னீஷியனின் எண்ணையும் முகத்தைப் பற்றிய வரியையும் நான் கேட்பதற்கு முன்பே அண்ணி எடுத்துவிட்டார். இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். முன்பின் தெரியாத நூறு பேர் ஒருவரைக் கூப்பிட்டுத் திட்டுவதால் ஃபிரிட்ஜும் குளிராது, பில்லும் வராது. பதில் சொல்ல வேண்டியது அவரை அனுப்பிய நிறுவனம். இரண்டாவதாக வந்தவர் விஷயத்திலும் இதே கவனம் தேவைப்பட்டது. “லீக் பார்க்காமலே காஸ் போட்டிருக்காங்க மேடம்” என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு அது பெரிய சாட்சியாகத் தோன்றியது. ஆனால் முதல் நாள் வேலை நடந்தபோது அவர் அங்கே இல்லை, அவர் சொன்னது ஊகம். போட்டால் அவர் வேலைக்கே ஆபத்து. எஸ்டிமேட் தாளில் அவரே எழுதிய ‘பின்குழாய் கசிவு’ என்ற இரண்டு சொற்கள் போதும்.

கோபம் சில விஷயங்களை மறைத்தும் விடுகிறது. ஜூன் 18 அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, அன்று ஆள் வந்ததாகவும், தான் வேலைக்குப் போயிருந்ததால் வீடு பூட்டியிருந்ததாகவும் சொன்னார். பதிவில் இது இல்லை. இருக்க வேண்டும். அண்ணி சொல்லாவிட்டால் நிறுவனம் சொல்லும். அப்படி அவர்கள் வாயிலிருந்து வந்தால், இன்னும் எதையெல்லாம் மறைத்தாரோ என்று படிப்பவர் நினைப்பார்.

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது, அது அண்ணிக்குச் சாதகமானது. பால் வைக்க முடியவில்லை என்று எழுதியவர், அவருடைய அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, வேளாவேளைக்குப் போய் எடுத்துவருவதை எழுதவே இல்லை. இந்தப் பழுதால் வந்த உண்மையான கஷ்டம் அதுதான். அம்மாவின் நோயைப் பொதுவில் சொல்வதா என்று பேசினோம். ‘குளிரில் வைக்க வேண்டிய மருந்து’ என்று எழுதினால் போதும் என்று முடிவானது.

கடைசியாக, அண்ணிக்கு என்ன வேண்டும்? ‘சும்மா விடக் கூடாது’ என்பதை யாராலும் நிறைவேற்ற முடியாது. யோசித்துவிட்டு அவர் சொன்னது: முதல் வேலைக்கு பில், இரண்டாவது வேலையில் அந்த 2,800 ரூபாயைக் கழித்துக்கொள்வது, அல்லது திருப்பித் தருவது. இதைப் பொதுவில் போடுவதற்கு முன் நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன். பத்திரிகையில் ஒரு புகாரை அச்சிடும் முன் மறுதரப்பைக் கேட்காமல் விடமாட்டோம். அந்தப் பழக்கம் இங்கும் பொருந்தும். ஜூன் 22 அன்று மின்னஞ்சல் போனது, ஃபிரிட்ஜ் நின்றுகிடப்பதால் 25ஆம் தேதிக்குள் பதில் கேட்டு. பதில் வரவில்லை. ஜூன் 26 அன்று அண்ணி பொதுவில் போட்டது இது:

“ஃபிரிட்ஜ் பழுது: 11 நாளில் மறுபடி நின்றது, 3,150 ரூபாய்க்கு பில் வரவில்லை

ஜூன் 3 அன்று எங்கள் ஃபிரிட்ஜ் குளிராததால் இந்த சர்வீஸ் சென்டரில் புகார் பதிவு செய்தேன். ஜூன் 5 அன்று அவர்கள் அனுப்பிய டெக்னீஷியன் சொன்ன நேரத்துக்கு வந்தார். காஸ் குறைந்திருப்பதாகச் சொல்லி நிரப்பினார். விசிட் சார்ஜ் 350, காஸுக்கு 2,800, ஆக 3,150 ரூபாயை அவர் கொடுத்த எண்ணுக்கு ஜிபே செய்தேன். மூன்று மாதம் கேரண்டி என்று வாய்மொழியாகச் சொன்னார். பில் கேட்டேன், ஆபீஸிலிருந்து வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

ஜூன் 16 அன்று ஃபிரிட்ஜ் மறுபடி நின்றது. 20ஆம் தேதி வரை ஏழு முறை அழைத்தேன், மூன்று முறை பேச முடிந்தது. ஜூன் 18 அன்று ஆள் வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. ஜூன் 21 அன்று வந்த வேறொரு டெக்னீஷியன், பின்குழாயில் கசிவு என்று எழுதி, 3,800 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார். முதல் வேலையின் கேரண்டியைக் கேட்டபோது, பில் இருந்தால்தான் பார்க்க முடியும் என்றார்.

குளிரில் வைக்க வேண்டிய மருந்தை ஜூன் 16 முதல் பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறோம்.

நிறுவனத்திடம் கேட்பது: ஜூன் 5 அன்று காஸ் நிரப்பும் முன் கசிவுச் சோதனை செய்யப்பட்டதா? 3,150 ரூபாய்க்கு பில் எங்கே? 2,800 ரூபாயை இரண்டாவது வேலையில் கழித்துக்கொள்ளுங்கள், அல்லது திருப்பித் தாருங்கள். இதையே ஜூன் 22 அன்று மின்னஞ்சலில் கேட்டேன், பதில் இல்லை. ஜூன் 30க்குள் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் செய்வேன். பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.

என் கருத்து: பில் தராமல் பணம் வாங்குவதும், பில் இல்லை என்று கேரண்டியை மறுப்பதும் நியாயமில்லை. இது தீரும்வரை இவர்களை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.”

கூடவே ஜிபே ரசீதின் படமும் எஸ்டிமேட் தாளின் படமும் வைத்தார். தொலைபேசி எண்கள், டெக்னீஷியனின் பெயர், வீட்டு முகவரி, வங்கிக் குறிப்பு எண் எல்லாம் அழித்த பிறகு. கருத்து இருக்கவே கூடாது என்று நான் நினைப்பதில்லை. அது கடைசியில் வரட்டும், கருத்து என்று தெரியட்டும், மேலே சொன்ன நிகழ்ச்சிகளைப் படித்தவர் தானே ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியட்டும். ‘யாரும் போகாதீங்க’ என்று ஊருக்கு ஆணையிடுவதைவிட, ‘நான் பரிந்துரைக்க மாட்டேன்’ என்பதற்கு மரியாதை அதிகம்.

உதவி மையத்தின் எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இந்தப் பதிவின் தேதி வரிசையை அப்படியே அங்கே மனுவாகக் கொடுக்கலாம், ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

அண்ணி அதுவரை போக நேரவில்லை. ஜூன் 27 அன்று மேலாளர் அழைத்தார். மறுநாள் ஆள் வந்து கசிவை அடைத்து, காஸ் நிரப்பி, 2,800 போக 1,000 ரூபாய் மட்டும் வாங்கி, இரண்டு வேலைக்கும் பில் கொடுத்தார்கள். காஸ் நிரப்பும் வேலைக்கு மூன்று மாதக் கேரண்டி எங்கள் விதியில் இல்லை, டெக்னீஷியன் சொன்னது தவறு என்றார் மேலாளர். கசிவுச் சோதனை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பதிவை நீக்கிவிடச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

அண்ணி நீக்கவில்லை. தலைப்பில் ‘ஜூன் 28 அன்று தீர்ந்தது’ என்று சேர்த்தார். பரிந்துரைக்க மாட்டேன் என்ற வரியை எடுத்தார். மேலாளர் கேரண்டி பற்றிச் சொன்னதை அவர் சொன்னபடியே கீழே எழுதி, கசிவுச் சோதனைக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை என்பதையும் அதற்கடுத்த வரியில் எழுதினார்.